வீட்டு மின்கட்டணத்தை நீங்களே கணக்கிடுவது எப்படி? 500 யூனிட் எல்லையில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் புதிதாக வாடகைக்குக் குடிவந்தவர்கள், முதன்முறையாகத் தங்கள் பெயரில் மின் இணைப்பு வாங்கியவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி இது: “மீட்டரில் இத்தனை யூனிட் ஓடியிருக்கிறது, எவ்வளவு பணம் வரும்?” பேருந்துக் கட்டணம்போல ஒரே விகிதத்தால் பெருக்கிவிட முடியாது. யூனிட் கூடக் கூட விகிதமும் கூடும். போதாக்குறைக்கு, 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறிவிடும். இந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை வெறும் கூட்டல், பெருக்கல்தான்.

இங்கே தந்திருப்பவை 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டு இணைப்புக்கான விகிதங்கள், அரசு மானியம் போக நாம் கையிலிருந்து கட்டவேண்டியவை. 2025 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டதால் இந்த எண்கள் அப்படியே தொடர்ந்தன. நீங்கள் படிக்கும்போது புதிய விகிதம் வந்திருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கிடும் வழி இதேதான். கடை, பட்டறை, தற்காலிக இணைப்பு ஆகியவற்றுக்கு வேறு பட்டியல்கள் உண்டு. அவற்றுக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டாம்.

முதலில் இரண்டு மாத யூனிட்டைக் கண்டுபிடியுங்கள்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது. கட்டணப் பட்டியலில் வரும் 100, 200, 400, 500 எல்லாமே இரண்டு மாதத்துக்கான அளவுகள். மாதாந்திரப் பில் வரும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் தடுக்கிவிழும் இடம் இதுதான். மாதம் 300 யூனிட் செலவாகும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 300 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 705 ரூபாய் வரும். இரண்டு மாதத்துக்கு 1,410 என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் கணக்கீட்டாளர் குறிப்பது 600 யூனிட். அதற்கான கட்டணம் 2,880 ரூபாய். ஆகவே மாதக் கணக்கைப் போட்டு இரண்டால் பெருக்கக் கூடாது. யூனிட்டை முதலில் கூட்டிவிட்டுத்தான் கட்டணத்துக்குப் போக வேண்டும்.

டிஜிட்டல் மீட்டரின் திரையில் எண்கள் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். மின்னழுத்தம், மின்னோட்டம், அதிகபட்சத் தேவை என்று பலவும் ஓடும். நமக்கு வேண்டியது `KWH` என்ற எழுத்துகளோடு வரும் எண் மட்டும். `KW` என்றோ `KVAH` என்றோ வருவதை எழுதிவிடாதீர்கள். எழுத்துகள் மிகச் சிறியவை, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். திரை ஒரு முழுச் சுற்று சுற்றிவரும்வரை நின்று பார்த்து, `KWH` இரண்டாவது முறை வரும்போது எழுதிக்கொள்வது நல்லது. புள்ளிக்குப் பின் வரும் எண்ணை விட்டுவிடலாம்.

இந்த எண் மீட்டர் பொருத்திய நாள் முதல் ஓடியதன் மொத்தம். இதிலிருந்து கடந்த கணக்கீட்டின்போது குறித்த எண்ணைக் கழிக்க வேண்டும். அந்தப் பழைய எண் மீட்டர் பக்கத்தில் வைத்திருக்கும் வெள்ளை அட்டையில் இருக்கும். அட்டை இல்லாவிட்டால் முந்தைய பில்லில் பார்க்கலாம். அட்டையில் உள்ள தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். முந்தைய கணக்கீடு 18,436. இப்போதைய எண் 19,083. கழித்தால் 647 யூனிட்.

எந்தப் பட்டியல் என்று முடிவு செய்யுங்கள்

பெருக்கத் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வி: மொத்த யூனிட் 500-க்குள் இருக்கிறதா, 500-ஐத் தாண்டிவிட்டதா?

500 வரை இருந்தால் இந்தப் பட்டியல்:

- முதல் 100 யூனிட்: கட்டணம் இல்லை
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு ரூ. 2.35
- 201 முதல் 400 வரை: ரூ. 4.70
- 401 முதல் 500 வரை: ரூ. 6.30

500-ஐத் தாண்டிவிட்டால் இந்தப் பட்டியல்:

- முதல் 100 யூனிட்: கட்டணம் இல்லை
- 101 முதல் 400 வரை: ரூ. 4.70
- 401 முதல் 500 வரை: ரூ. 6.30
- 501 முதல் 600 வரை: ரூ. 8.40
- 601 முதல் 800 வரை: ரூ. 9.45
- 801 முதல் 1,000 வரை: ரூ. 10.50
- 1,000-க்கு மேல்: ரூ. 11.55

முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016 மே மாதம் முதல் எல்லா வீடுகளுக்கும் உண்டு. எவ்வளவு அதிகமாகச் செலவழித்தாலும் அது போய்விடாது. “500-ஐத் தாண்டினால் இலவசம் ரத்து” என்று பலர் சொல்வது தவறு. போவது வேறொன்று. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 101 முதல் 200 வரை உள்ள நூறு யூனிட் முதல் பட்டியலில் 2.35, இரண்டாவதில் 4.70. அந்தப் பாதி விலைச் சலுகைதான் பறிபோகிறது.

படிப்படியாகக் கணக்கிடுங்கள்

நம் வீட்டில் 647 யூனிட். ஆகவே இரண்டாவது பட்டியல். பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு ஸ்லாப். யூனிட்டை ஒவ்வொரு ஸ்லாபுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

முதல் 100 யூனிட்டுக்குப் பணம் இல்லை. அடுத்த 300 யூனிட் 4.70 வீதம் 1,410 ரூபாய். அடுத்த 100 யூனிட் 6.30 வீதம் 630. அதற்கடுத்த 100 யூனிட் 8.40 வீதம் 840. இதுவரை 600 யூனிட் தீர்ந்தது. மீதி 47 யூனிட், 9.45 வீதம் 444 ரூபாய் 15 பைசா. எல்லாவற்றையும் கூட்டினால் 3,324 ரூபாய் 15 பைசா.

பிரித்த யூனிட்டுகளைக் கூட்டி மொத்தம் வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள்: 100, 300, 100, 100, 47. மொத்தம் 647. சரி. கணக்கு தவறும்போது பெரும்பாலும் இந்தக் கூட்டலிலேயே அது தெரிந்துவிடும். “101 முதல் 400 வரை” என்பதை 299 என்று எடுப்பவர்கள் உண்டு. 400-லிருந்து 100-ஐக் கழித்து 300 என்றே எடுக்க வேண்டும்.

இன்னொரு தவறு, 647 யூனிட்டையும் 9.45-ஆல் பெருக்கிவிடுவது. அப்படிச் செய்தால் 6,114 ரூபாய் வரும், வயிறு கலங்கும். 600-ஐத் தாண்டியதால் 9.45 ரூபாய் ஆவது அந்த 47 யூனிட்டுக்கு மட்டும்தான். கீழே உள்ள யூனிட்டுகள் தத்தம் விகிதத்திலேயே இருக்கும்.

ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து போட வேண்டியதில்லை. சில எண்களைச் சமையலறைக் காலண்டரின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். 500 வரையிலான பட்டியலில் 200 யூனிட்டுக்கு 235 ரூபாய், 400-க்கு 1,175, 500-க்கு 1,805. தாண்டியவர்களுக்கு 600 யூனிட்டுக்கு 2,880, 800-க்கு 4,770, 1,000-க்கு 6,870. உங்கள் யூனிட்டுக்குக் கீழே உள்ள எண்ணை எடுத்து, மிச்சத்தை மட்டும் அதன் விகிதத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். 340 யூனிட் என்றால் 235-உடன் 140 யூனிட்டுக்கான 658-ஐக் கூட்டி 893 ரூபாய். 720 யூனிட் என்றால் 2,880-உடன் 120 யூனிட்டுக்கான 1,134-ஐக் கூட்டி 4,014 ரூபாய்.

501-ஆவது யூனிட்டின் விலை

சரியாக 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஓடிய வீட்டுக்கு எவ்வளவு? ஒரு யூனிட்தானே, 8.40 கூடி 1,813 ரூபாய் 40 பைசா என்றுதான் யாரும் நினைப்பார்கள். பட்டியல் மாறுவதால் 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட்டுக்கும் 2.35 வீதம் கூடுதலாக 235 ரூபாய் சேர்கிறது. ஆக 2,048 ரூபாய் 40 பைசா. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 பைசா.

மற்ற எல்லைகளில் இப்படித் துள்ளல் இல்லை. 400-லிருந்து 401, 600-லிருந்து 601, 800-லிருந்து 801 எல்லாம் மெதுவான ஏற்றம்தான். “எந்த ஸ்லாபிலும் ஏறிவிடக் கூடாது” என்று ஒவ்வொரு எல்லைக்கும் பயப்பட வேண்டியதில்லை. வழக்கமாக 300 யூனிட் ஆகும் வீடோ, 900 யூனிட் ஆகும் வீடோ இந்த 500-ஐப் பற்றி நினைக்கவே வேண்டாம். 450 முதல் 560 வரை ஊசலாடும் வீடுகள்தான் கவனமாக இருக்க வேண்டும். நடுத்தர வீட்டில் ஒரு ஏசி வந்ததும் கோடைக் கணக்கீடு பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் விழும்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் சொல்வது ஒரே வேலை: 45-ஆவது நாளில் மீட்டரைப் பாருங்கள். அன்றைக்கு 390 யூனிட் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 390-ஐ 45-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 8.67 யூனிட். இதே போக்கில் 60 நாளுக்கு 520 யூனிட் ஆகும், கட்டணம் 2,208 ரூபாய். 500-க்குள் நிறுத்த வேண்டுமானால் மீதி 15 நாளில் 110 யூனிட்தான் செலவழிக்கலாம், நாளொன்றுக்கு 7.3 யூனிட். அதாவது தினமும் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைக்க வேண்டும். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்தில் இழுப்பது ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை யூனிட். அதை இரவில் ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்தினாலே கணக்கு அநேகமாகச் சரியாகிவிடும். 20 யூனிட் குறைத்ததற்கு மிச்சம் 403 ரூபாய். ஆனால் விளிம்பில் நிற்காதீர்கள். கணக்கீடு ஒரு நாள் தள்ளிப்போனாலே எட்டு யூனிட் கூடிவிடும் என்பதால் 480 அளவில் நிறுத்தப் பாருங்கள்.

45-ஆவது நாளில் 440 யூனிட் ஓடியிருந்தால் வேறு கதை. 60 நாளில் அது 587-ஐத் தொடும். மீதி 15 நாளை நாளொன்றுக்கு நான்கு யூனிட்டில் ஓட்டினால்தான் 500. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் அதற்காகப் புழுக்கத்தில் தவிக்கச் சொல்ல மாட்டேன். எல்லை கைமீறிவிட்டது, இனி குறைக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8.40 மிச்சம் என்ற அளவில் நினைத்துக்கொண்டால் போதும்.

கணக்கீடு தள்ளிப்போனால்

வெள்ளை அட்டையில் தேதியைக் குறிக்கச் சொன்னது இதற்காகத்தான். கணக்கீட்டாளர் 60 நாளுக்குப் பதில் 64 நாள் கழித்து வருகிறார் என்று வையுங்கள். உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு 8 யூனிட். 60 நாளில் 480 யூனிட், 1,679 ரூபாய். 64 நாளில் 512 யூனிட், 2,140 ரூபாய் 80 பைசா. வித்தியாசம் 461 ரூபாய் 80 பைசா. நான்கு நாளின் நியாயமான செலவு 32 யூனிட்தான். மற்றது பட்டியல் மாறியதால் வந்தது.

இதை வெறும் பேச்சில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு கணக்கீட்டுத் தேதிகள், அவற்றின் மீட்டர் எண்கள், இடையில் உள்ள நாள்கள், நாள் சராசரி, 60 நாளுக்கு வரவேண்டிய யூனிட் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, உங்கள் பகுதியின் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு மனுவாகக் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். அட்டையையும் மீட்டரையும் கைப்பேசியில் படம் எடுத்து இணைத்தால் இன்னும் நல்லது. படத்தில் மீட்டர் எண்ணோடு மீட்டரின் வரிசை எண்ணும் தெரியட்டும்.

ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம்

வாடகை வீடுகளில் இது மிகவும் பரவலானது. கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனக்காரர், இணைப்போ ஒன்று. மேல்வீட்டுக்குத் துணை மீட்டர் மட்டும் வைத்திருப்பார்கள். இருவருக்கும் தலா 280 யூனிட் என்று கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொருவருக்கும் 235 ரூபாயும், 80 யூனிட்டுக்கு 376 ரூபாயும் சேர்ந்து 611 ரூபாய். இருவருக்கும் 1,222. ஆனால் ஒரே மீட்டரில் அது 560 யூனிட். இரண்டாவது பட்டியலின்படி 500 வரை 2,040, மீதி 60 யூனிட்டுக்கு 504, மொத்தம் 2,544 ரூபாய். ஆளுக்கு 1,272. இரண்டு மடங்குக்கும் மேல்!

எனவே துணை மீட்டரில் 280 யூனிட் என்று பார்த்துவிட்டு “எனக்கு 611 ரூபாய்தானே வரவேண்டும்” என்று வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உண்மையான பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, வரும் சராசரியை உங்கள் யூனிட்டால் பெருக்குவது நேர்மையான முறை. இங்கே 2,544-ஐ 560-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 4 ரூபாய் 54 பைசா. இதே வீட்டில் யூனிட்டுக்கு 9 ரூபாய் என்று வாங்கினால், அது மின்வாரியம் வாங்கும் பணம் இல்லை என்று தாளை வைத்துப் பேசலாம். நீண்ட நாள் குடியிருக்கப் போகிறீர்கள், தனிச் சமையலறையோடு தனிக் குடித்தனம் என்றால், தனி இணைப்புக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று வீட்டுக்காரரோடு பிரிவு அலுவலகத்தில் விசாரியுங்கள். அதில் இருவருக்குமே லாபம்.

விரிதாளில் போட்டு வைக்க விரும்பினால்

கணினியிலோ கைப்பேசியிலோ விரிதாள் பயன்படுத்துபவர்கள் `A1` கட்டத்தில் யூனிட்டை எழுதி, பக்கத்துக் கட்டத்தில் இதை ஒட்டலாம்:

```
=IF(A1<=500,MAX(0,MIN(A1,200)-100)*2.35+MAX(0,MIN(A1,400)-200)*4.7+MAX(0,A1-400)*6.3,2040+MIN(A1-500,100)*8.4+MAX(0,MIN(A1,800)-600)*9.45+MAX(0,MIN(A1,1000)-800)*10.5+MAX(0,A1-1000)*11.55)
```

2040 என்பது இரண்டாவது பட்டியலில் முதல் 500 யூனிட்டுக்கான தொகை. விகிதம் மாறும்போது அதையும் மாற்ற மறந்துவிடாதீர்கள். ஒட்டியதும் மூன்று எண்களைப் போட்டுச் சோதியுங்கள்: 500-க்கு 1805, 501-க்கு 2048.4, 647-க்கு 3324.15 வர வேண்டும். முதல் இரண்டும் சரியாக வந்தால் பட்டியல் மாற்றம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

பில்லோடு ஒப்பிடும்போது

உங்கள் கணக்கும் பில்லும் சில பைசா வித்தியாசப்பட்டால் விட்டுவிடுங்கள். நூறு, ஐநூறு என்று வித்தியாசம் வந்தால் பில்லின் வரிகளைத் தனித்தனியாகப் பாருங்கள். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த முழுக் கட்டணம் ஒரு வரியிலும், அரசு மானியம் இன்னொரு வரியிலும் இருக்கும். நாம் போட்ட கணக்கு மானியத்தைக் கழித்த பிறகு வரும் தொகை. முழுக் கட்டண வரியோடு அதை ஒப்பிட்டால் பொருந்தாது. வீடுகளுக்கு முன்பு இருந்த நிலைக்கட்டணம் 2022 செப்டம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய பில்லைப் பார்த்து அதைச் சேர்த்துவிட வேண்டாம். பழைய பாக்கி, தாமதக் கட்டணம், கூடுதல் வைப்புத்தொகை ஆகியவை ஏதேனும் வரியில் ஏறியிருக்கலாம். முன்கூட்டிக் கட்டிய பணமோ வைப்புத்தொகைக்கான வட்டியோ இருந்தால் தொகை குறைந்திருக்கும்.

இவை எதுவும் இல்லாமலும் பொருந்தவில்லை என்றால் பில்லில் உள்ள மீட்டர் எண்ணைப் பாருங்கள். 19,083 என்பது 19,883 என்று பதிவாகியிருந்தால் 800 யூனிட் கூடுதலாகிவிடும். அன்றே மீட்டரைப் பார்த்தால் இது உடனே தெரியும்: மீட்டரில் இப்போது ஓடும் எண், பில்லில் உள்ள எண்ணைவிடக் குறைவாக இருக்கவே முடியாது. அப்படிக் குறைவாக இருந்தால் படம் எடுத்துக்கொண்டு, பணம் கட்டும் முன்பே பிரிவு அலுவலகத்துக்குப் போய்த் திருத்தச் சொல்லுங்கள். கட்டணம் செலுத்த கணக்கீட்டு நாளிலிருந்து 20 நாள் அவகாசம் இருப்பதால், பில் வந்த வாரத்திலேயே இந்தச் சரிபார்ப்பை முடித்துவிட்டால் திருத்தவும் நேரம் கிடைக்கும்.